நல்ல நிலையில், முப்பத்தொரு விளையாட்டுகளுடன்

மேல்பாறை எஸ்டேட் ஸ்டாஃப் கிளப்புக்குச் செயலாளராக வேண்டும் என்று ரஞ்சனி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவள் லீவில் இருந்த நாளாகப் பார்த்துப் பொதுக்கூட்டம் போட்டு, எதிர்ப்பே இல்லாமல் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆபீஸுக்கு வந்தபோது மேஜை மேல் கிளப் சாவி கிடந்தது. அவள் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கிளப் என்பது ஃபேக்டரிக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட ஒரே ஹால். அதில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், ஒரு கேரம் போர்டு, ஒரு டிவி, டிவிக்குக் கீழே ப்ளேஸ்டேஷன் என்ற விளையாட்டுப் பெட்டி. இந்தக் கடைசிப் பொருள் எட்மண்ட் கொடுத்தது. அவர் இங்கே மூன்று வருடம் அசிஸ்டென்ட் மேனேஜராக இருந்தவர். அதற்கு முன் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அங்கே வாங்கியது. வால்பாறைக்கு மாற்றலாகிப் போகும்போது, "தூக்கிட்டு அலைய முடியாது, நீங்களே விளையாடுங்க" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டம் சேர்ந்தது. அப்புறம் எல்லாருக்கும் போனிலேயே விளையாட்டு வந்துவிட்டது.

கிளப் தலைவர் மாரப்பன், ஃபேக்டரியின் டீ மேக்கர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். இலை எவ்வளவு வாடியிருக்கிறது என்று ஒரு பிடி அள்ளிப் பார்த்துச் சொல்லக்கூடியவர். அதனால் மற்ற விஷயங்களையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர். ப்ளேஸ்டேஷனை விற்றுவிட்டு டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கலாம் என்பது அவர் யோசனை.

"எழுதுங்க அம்மிணி" என்றார், ரஞ்சனியின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ப்ளேஸ்டேஷன். நல்ல நிலையில். முப்பத்தொரு விளையாட்டுகளுடன். ரெண்டு கன்ட்ரோலர். அவ்வளவுதானுங்க. போட்டோ ஒண்ணு போட்டுருங்க. போன் நம்பர் உங்களுது குடுத்துருங்க."

"என் நம்பரா சார்?"

"செக்ரட்டரி நம்பர்தானுங்களே போடோணும்."

ரஞ்சனி பதினோரு வருடமாக எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். விபத்து அறிக்கை, லீவு மறுப்பு, லாரி தாமதத்துக்கு விளக்கம் என்று எதை எழுதக் கொடுத்தாலும் எழுதுவாள். அந்த எழுத்துக்கு ஒரே ஒரு விதிதான். நடந்தது தெரிய வேண்டும், யார் மேலும் விழக்கூடாது. 'இயந்திரத்தில் கை சிக்கியது' என்றுதான் எழுத வேண்டும். பெல்ட்டின் மூடியை யார் கழற்றி வைத்தார்கள் என்று எழுதக்கூடாது. அந்தப் பழக்கத்தில், சொன்னபடியே எழுதிப் பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் போட்டாள்.

அன்று சாயங்காலமே பலர் கூப்பிட்டார்கள். பெரும்பாலோர் விலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். ஒருவர் மாற்றாக ஒரு கறவை மாடு தருவதாகச் சொன்னார். கடைசியாகக் கூப்பிட்டவர் விலையைப் பற்றியே பேசவில்லை.

"மேடம், என் பேரு வெற்றிச்செல்வன். குன்னூர்ல இருந்து பேசறேன். எந்த மாடல்? ஃபேட்டா, ஸ்லிம்மா, ப்ரோவா?"

"கறுப்பா இருக்குதுங்க" என்றாள் ரஞ்சனி.

"ஸ்டோரேஜ் எவ்வளவு? அதுல எவ்வளவு காலி? கன்ட்ரோலர் ரெண்டுமே ஒரிஜினலா? ஸ்டிக் நகருதா?"

"நகரும்ங்க. நகர்த்தினா நகரும்."

"நகர்த்தாம நகருதான்னு கேட்டேன் மேடம். அப்புறம் முப்பத்தொரு கேம்னு போட்டிருக்கீங்க. டிஸ்க்கா, டவுன்லோடா? டவுன்லோடுன்னா யாரு அக்கவுண்ட்ல? அந்த அக்கவுண்ட் எந்த ஊரு?"

விளையாட்டுக்கு ஊர் உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். தன் பெயரும் நம்பரும் போட்டு வெளியே விட்ட ஒன்றைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது, சட்டையில் பட்டன் போடாமல் பஸ் ஏறிவிட்டதைப்போல அவளைக் கூச வைத்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் கிளப்பைத் திறந்தாள். கூட வந்தவள் தபித்தாள். க்ரீச்சில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், கிளப்பின் பொருளாளர். அவளையும் ஒரு லீவு நாளில்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முதலில் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணைப் போனில் தேடியதும் ஸ்லிம் என்று தெரிந்தது. ஐந்நூறு ஜிபி என்று அதே ஸ்டிக்கர் சொன்னது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் மொத்தமே நானூற்றேழுதான் காட்டியது.

"மீதி எங்கடி போச்சு?" என்றாள் தபித்தாள்.

"அதுவே வச்சுக்கிச்சாம் அக்கா. அதுக்குன்னு கொஞ்சம் வேணுமாம்."

நானூற்றேழில் காலியாக இருந்தது இருபத்திரண்டு. முப்பத்தொரு விளையாட்டில் பதின்மூன்றுதான் உள்ளே இருந்தன. மற்றவை டிவிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. தபித்தாள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி நின்றாள். போன கிறிஸ்துமஸுக்குக் சர்ச் கொயர் பாட்டுகளை அதில் ஏற்றலாம் என்று எடுத்துப்போய் மகளுடைய லேப்டாப்பில் செருகியிருக்கிறாள். ஃபார்மட் பண்ணினால்தான் உபயோகிக்க முடியும் என்று லேப்டாப் சொல்லியிருக்கிறது. பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் திரும்பக் கொண்டுவந்து ஒட்டிவிட்டதை இப்போதுதான் சொன்னாள்.

"சரின்னு சொல்லியிருந்தா எல்லாம் போயிருக்கும் அக்கா. ப்ளேஸ்டேஷனுக்குன்னு ஃபார்மட் பண்ணது."

"கர்த்தர் காப்பாத்துனாரு" என்றாள் தபித்தாள்.

கன்ட்ரோலர்களில் ஒன்று எட்மண்ட் வைத்துப்போனது. அதை எடுத்துக் கால்பந்து விளையாட்டைப் போட்டாள் ரஞ்சனி. கையை எடுத்துவிட்டு மேஜை மேல் வைத்தாள். திரையில் இருந்த ஆட்டக்காரன் யாரும் சொல்லாமலே இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தான். கோட்டைத் தாண்டிப் போனான். பந்தைப் பற்றி அவனுக்கு எந்த அக்கறையும் இல்லை.

"நம்ம வீல்டு ஆபீசரு மாதிரியே போறான்" என்றாள் தபித்தாள்.

"ஃபீல்டு அக்கா."

"அந்த ஆளுதான்."

இன்னொரு கன்ட்ரோலர் மாரப்பன் குன்னூர் மார்க்கெட்டில் வாங்கியது. அதன் ஸ்டிக் நகரவில்லை. ஆனால் நடுவில் இருந்த பெரிய பட்டனை அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை, சார்ஜ் ஒயர் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறியது. கம்பெனிப் பெயர் எழுதியிருந்த இடத்தில் ஒரு எழுத்து அதிகமாக இருந்தது.

இதையெல்லாம் அப்படியே வெற்றிச்செல்வனிடம் போனில் ஒப்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "ரொம்ப நன்றிங்க. இவ்வளவு யாரும் சொன்னதில்ல" என்றார். "அக்கவுண்ட் யாருதுன்னு பாத்தீங்களா?"

"ரெண்டு பேரு இருக்குதுங்க. ஒண்ணு 'கிளப்'. இன்னொண்ணு எட்மண்ட் சாரோடது. அதுக்கு நாலு நம்பர் கேக்குது. நாங்க 'கிளப்'புலதான் விளையாடுவோம்."

"அப்ப அந்த முப்பத்தொண்ணும் அவரு காசு குடுத்து வாங்கினது. இந்தப் பெட்டிய அவரோட மெயின் பெட்டின்னு வச்சிருக்காரு, அதனாலதான் 'கிளப்'ல இருந்தும் ஓடுது. நாளைக்கே அவரு வேற பெட்டிக்கு மாத்திக்கிட்டா இங்க ஓடாது. அந்த முப்பத்தொண்ணை நீங்க விக்கவே முடியாதுங்க. அவரு அக்கவுண்டை எடுக்கச் சொல்லிட்டு அப்புறம் வித்தீங்கன்னா யாருக்கும் தலைவலி இல்ல."

ரஞ்சனி போனை வைத்துவிட்டு விளம்பரத்தை மறுபடி படித்தாள். 'முப்பத்தொரு விளையாட்டுகளுடன்.' அதை எழுதியது அவள் கை. ராத்திரி சாப்பாட்டின்போதும் அந்த வரி மனதில் ஓடியது. மறுநாள் காலையில் எட்மண்டைக் கூப்பிட்டாள்.

"அடடே ரஞ்சனி! இன்னும் அதை வச்சிருக்கீங்களா?" என்றார் அவர். பின்னால் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "விக்கிறீங்களா? தாராளமா வித்துக்கோங்க. அக்கவுண்டோட குடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை."

"வாங்கறவரு வேணாங்கறாரு சார்."

"அதுவும் சரிதான். அதுல என் மெயிலு, பேங்க் கார்டு எல்லாம் கட்டியிருக்கு. அது ஓமன் அக்கவுண்டு வேற. இந்தியால விக்கிற ரீசார்ஜ் கார்டு வாங்கிப் போட்டா எடுக்காது, ஊரையும் மாத்த முடியாது. மாரப்பன் சார் ஒரு தடவை கார்டு வாங்கி நம்பரைச் சுரண்டிட்டு என்கிட்ட சண்டைக்கு வந்தாரே."

"இன்னும் கோவமாத்தான் சார் இருக்காரு."

"இருக்கட்டும். நான் அங்க வர முடியாது. வெப்சைட்ல போய் எல்லாப் பெட்டியிலயும் டீஆக்டிவேட் பண்ணிடறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் அப்படிப் பண்ண விடுவாங்க, பரவாயில்லை. பண்ணின பிறகு நீங்க இனிஷியலைஸ் குடுத்தீங்கன்னா பெட்டி பொறந்த குழந்தை மாதிரி ஆயிடும். ஹார்டு டிஸ்கைக் கழட்டித் தனியா வச்சிருங்க."

மத்தியானமே செய்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

ரஞ்சனி ஃபேக்டரிக்குப் போய் மாரப்பனிடம் சொன்னாள். அவர் ட்ரையருக்குப் பக்கத்தில் நின்று தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்துகொண்டிருந்தார். இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"வால்பாறைல உக்காந்துட்டு இங்க இருக்கறத அவுரு எப்படீங்க எடுப்பாரு?"

"வெப்சைட்ல சார்."

"சரி, வாங்க பாக்கலாம்."

இருவரும் மேலே ஏறிப்போய்ப் பெட்டியைப் போட்டார்கள். 'கிளப்' என்ற பெயரில் நுழைந்தார்கள். முப்பத்தொன்றும் இருந்தது. மாரப்பன் ஒரு கார் பந்தயத்தைத் தொட்டார். ஓடியது. ஒரு துப்பாக்கி விளையாட்டைத் தொட்டார். அதுவும் ஓடியது.

"எங்கீங்க போச்சு?"

ரஞ்சனி போனை எடுத்து எட்மண்டின் செய்தியை மறுபடி படித்தாள். எட்மண்ட் செய்ததாகச் சொன்னார். வெற்றிச்செல்வன் போகும் என்று சொன்னார். இரண்டு பேரும் தெளிவாகப் பேசுகிறவர்கள். ஆனால் கண் முன்னால் கார் ஓடிக்கொண்டிருந்தது. தான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்தாள்.

"சார், இருந்தாலும் அந்த வரியை எடுத்துடறேனே. பின்னால ஏதாவதுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"இருக்கறத இருக்குதுன்னு சொல்றதுல என்னுங்க தப்பு? ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல இருந்து ஒரு பார்ட்டி வராருங்க. ஆறுக்குட்டின்னு. கோத்தகிரி ரோட்ல ரிசார்ட் கட்டியிருக்காரு. முப்பத்தொரு கேமுக்குத்தான் அவுரு வராரே."

ஞாயிற்றுக்கிழமை ஆறுக்குட்டி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் நல்ல கனமான ஸ்வெட்டர். ரிசார்ட்டில் மழை பிடித்துக்கொண்டால் விருந்தாளிகள் அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறார்கள், உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்றார். தபித்தாள் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். மாரப்பன் டீயைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பெட்டியைப் போட்டார். விளையாட்டுகள் திரையில் வரிசையாக ஓடின.

"அருமைங்க" என்றார் ஆறுக்குட்டி. "இதுல சினிமா டிஸ்க்கும் ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க. எம்பட புள்ள கல்யாண டிவிடி இதுலதான் ஓட்டிப் பாத்தோம்."

"எல்லாம் ஓடாதுங்க" என்று ரஞ்சனி சொன்னாள். "கேம் டிஸ்க்குன்னா எந்த ஊருதா இருந்தாலும் ஓடும். சினிமா டிஸ்க்குக்கு ஊரு பாக்கும். இது மஸ்கட்ல வாங்கினது. நம்ம ஊருக்குன்னு டிவிடில அஞ்சாம் நம்பர் போட்டிருந்தா எடுக்காது. நம்பரே போடாதது ஓடும். கல்யாண டிவிடில நம்பர் கிடையாது."

இதை முந்தின நாள்தான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். மாரப்பன் அவளைப் பார்த்த பார்வையில், டேபிள் டென்னிஸ் மேஜை ஓர் அடி பின்னால் நகர்ந்தது தெரிந்தது.

"அது போனாப் போகுதுங்க" என்றார் ஆறுக்குட்டி. "நெட்ல போட்டா வேலை செய்யுமுங்களா? ரிசார்ட்ல ஃபைபர் இருக்குது."

"செய்யாம என்னுங்க" என்று மாரப்பன் தன் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். கிளப்பில் இன்டர்நெட் கிடையாது. எட்மண்ட் போன பிறகு அந்தப் பெட்டி வெளியுலகத்தோடு பேசியதே இல்லை. மாரப்பன் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அவருடைய மகளின் பெயரும் பிறந்த வருடமும்தான். எல்லாரும் கூடவே படித்தார்கள். கனெக்ட் ஆகியது.

"பாருங்க" என்று மாரப்பன் கார் பந்தயத்துக்குப் போனார். அதன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருந்தது. அதைத் தொட்டார். இந்தக் கன்டென்ட்டை உபயோகிக்க முடியாது என்று பெட்டி பணிவாகத் தெரிவித்தது. துப்பாக்கி விளையாட்டுக்குப் போனார். பூட்டு. அடுத்தது பூட்டு. மாரப்பன் அவசரப்படவில்லை. ஒன்றையும் விடாமல், கடைசி வரை, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அதற்குச் சுமார் கால் மணி நேரம் ஆயிற்று.

ரஞ்சனிக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. எட்மண்ட் எடுத்தது அன்றைக்கே எடுத்ததுதான். சேதி இந்தப் பெட்டிக்கு வந்து சேர நெட் வேண்டியிருந்தது. அந்த வழியை மாரப்பனே தன் கையால் திறந்துவிட்டிருக்கிறார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது, தான் புரிந்துகொண்டது தப்பில்லை என்று.

"பூட்டிக்கிச்சுங்களே" என்றார் ஆறுக்குட்டி. "சாவி எங்கீங்க?"

"வால்பாறைலங்க" என்றாள் தபித்தாள்.

ஆறுக்குட்டி கோபப்படவில்லை. இரண்டாவது டம்ளர் டீ வாங்கிக் குடித்தார், நல்ல தூளாக இரண்டு கிலோ கேட்டார், வாங்கிக்கொண்டு கிளம்பினார். காரில் ஏறும்போது ரஞ்சனியிடம் மட்டும், "நல்லவேளை, ரிசார்ட்ல போய்ப் பூட்டியிருந்தா உங்க நம்பருக்குத்தானுங்க கூப்பிட்டிருப்பேன்" என்றார்.

கார் வளைவில் மறைந்ததும் மாரப்பன் கூரையைப் பார்த்தபடி, "நெட்டப் போட்டிருக்கக் கூடாதுங்க" என்றார்.

"போடலைன்னா அவரு ஊட்டுல போய்ப் போட்டிருப்பாரு சார்."

"அது அவுரு ஊடுங்க."

ரஞ்சனி வழக்கமாக இந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். பெல்ட்டின் மூடியைக் கழற்றி வைத்தது யாரென்று தெரிந்தும் எழுதாமல் விட்ட நாளில் அப்படித்தான் போனாள். இப்போது போகவில்லை. "என் பேரு போட்டது சார். நான் எழுதிக்கிறேன். சரியில்லைன்னா தலைவரே உங்க நம்பரைப் போட்டுக்கோங்க" என்றாள். மாரப்பன் வாட்ச்சைப் பார்த்தார், அன்று ஃபேக்டரி லீவு என்பது ஞாபகம் வந்தது, இருந்தாலும் ஃபேக்டரிக்குப் போய்விட்டார்.

எழுதுவதற்கு முன்னால் டிஸ்க்குகளை எடுத்தாள். முப்பத்தொன்றும் பூட்டிக்கொண்ட பிறகு மிச்சமிருந்தது அவைதான். கேரம் பவுடர் டப்பாவுக்குக் கீழே நான்கு டிஸ்க் பெட்டிகள். மூன்றில் அததற்கு உரிய டிஸ்க் இருந்தது. கால்பந்து, வேறொரு கார் பந்தயம், கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டும் ஒன்று. நான்காவது பெட்டியைத் திறந்தால் மாரப்பன் மகளின் கல்யாணம் இருந்தது.

"நாலாவது டிஸ்க்கு எங்க அக்கா?"

தபித்தாள் எழுந்து வாசலுக்குப் போனாள். "நம்ம ஊட்டுப் பக்கம் வா" என்றாள்.

அவளுடைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பீன்ஸ் பந்தல். காற்றில் நூலில் கட்டிய டிஸ்க்குகள் சுற்றிக்கொண்டிருந்தன, பறவைகளை விரட்ட. எல்லாம் பழைய பாட்டு டிஸ்க்குகள். நடுவில் ஒன்று மட்டும் அதிகமாக மினுங்கியது. "பாக்க நல்லா இருந்துச்சு, பவுடர் டப்பாவுக்கு அடில கெடந்துச்சு, கட்டிட்டேன்" என்றாள். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே தொங்கியிருந்தது. கழுவித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு வெளியே தள்ளியது.

அன்றிரவு ரஞ்சனி பழைய விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

"ப்ளேஸ்டேஷன் 4 ஸ்லிம், மஸ்கட்டில் வாங்கியது, பில் இல்லை. 500 ஜிபி என்று பெயர். உபயோகத்துக்குக் கிடைப்பது 407. முந்தைய உரிமையாளரின் அக்கவுண்ட் நீக்கப்பட்டது; அதனால் அவர் டவுன்லோடு செய்திருந்த எந்த விளையாட்டும் கிடைக்காது. டிஸ்க் மூன்று, மூன்றும் ஓடுகின்றன. நான்காவது டிஸ்க் ஓடாது, பீன்ஸ் பந்தலில் கட்டியிருந்தது, வேண்டுமானால் இலவசம். மூன்றும் வளைகுடாவில் வாங்கியவை: எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடும், ஆனால் இந்திய அக்கவுண்ட்டில் வாங்கும் கூடுதல் பகுதிகள் இவற்றோடு சேராது. சினிமா டிவிடியில் 5 என்று போட்டிருந்தால் ஓடாது. கன்ட்ரோலர் இரண்டு. ஒரிஜினலில் இடது ஸ்டிக் தானாக இடது பக்கம் போகும். மற்றொன்று ஒரிஜினல் அல்ல. நடுப் பட்டன் வேலை செய்யாது, சார்ஜ் ஒயரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று தனியாகத் தரப்படும். அதை ஃபார்மட் செய்துதான் பயன்படுத்த முடியும். வாங்குபவர் முன்னிலையில் எல்லாவற்றையும் அழித்துக் காட்டுகிறோம்."

மாரப்பன் காலையில் போனில் படித்துவிட்டு ஆபீஸுக்கு வந்தார்.

"இது விக்கறதுக்குங்களா, பயமுறுத்தறதுக்குங்களா?"

"விக்கறதுக்குத்தான் சார்."

"பீன்ஸ் பந்தல்னு எல்லாம் எதுக்குங்க?"

"கீறல் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க சார்."

இந்த முறை அதிகம் பேர் கூப்பிடவில்லை. மாடு வைத்திருந்தவரும் கூப்பிடவில்லை. வெற்றிச்செல்வன் மட்டும் கூப்பிட்டு, அந்த வாரமே வருவதாகச் சொன்னார். ரஞ்சனி சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசவில்லை.

வந்தவர் மெலிந்த, உயரமான மனிதர். தோளில் பை. கிளப்பில் உட்கார்ந்ததும் கன்ட்ரோலர்களைக் கையில் எடுத்தார். விளையாடவில்லை. கட்டை விரலால் ஸ்டிக்கை மெதுவாக முழுச்சுற்று சுற்றினார். பின்பக்கத்து விசைகளை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மாரப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலையை அவரும் கண்ணை மூடித்தான் முகர்வார்.

"இது கொஞ்சம் இறுக்கம். நல்லது" என்றார் வெற்றிச்செல்வன், மார்க்கெட் கன்ட்ரோலரைக் காட்டி.

"எதுக்குங்க நல்லது?" என்று ரஞ்சனி கேட்டாள்.

"நான் பிசியோதெரபிஸ்டுங்க. குன்னூர்ல பெட்போர்டுகிட்ட க்ளினிக். ஸ்ட்ரோக் வந்தவங்க, கை அடிபட்டவங்க வருவாங்க. ரப்பர் பந்தைக் குடுத்து நூறு தடவை அமுக்குங்கன்னா பத்து தடவைல சலிச்சுப்போயி வச்சுருவாங்க. இதைக் குடுத்தா நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்துவாங்க. முன்னால ஒண்ணு வாங்கினேன், நாப்பது கேம் இருக்குன்னு. என் க்ளினிக் கீழ்த்தளம், நெட்டும் இல்ல, சிக்னலும் இல்ல. ரொம்ப நாள் நல்லாத்தான் ஓடுச்சு. ஒருநாள் ஊட்டுக்குக் கொண்டுபோயி அப்டேட்டுக்கு நெட்டைப் போட்டேன். எல்லாத்துலயும் பூட்டு. வித்தவரு நம்பரை மாத்திட்டாரு."

மாரப்பன் வாசலில் இருந்து ஓர் அடி உள்ளே வந்தார்.

"எனக்கு டிஸ்க்குதான் வேணும்" என்றார் வெற்றிச்செல்வன். "நெட் இல்லாம, அக்கவுண்டே இல்லாம, வெறும் ஒரு பேரு வச்சு ஓட்டிக்கலாம். அப்டேட் இல்லாத பழைய வெர்ஷன்தான் ஓடும், அது போதும். அந்தக் கட்டை அடுக்கறது இருக்குதே, அது ரொம்ப நல்லா இருக்கும்."

"அந்த இடது பக்கம் போறது?" என்றாள் ரஞ்சனி.

"அந்தக் கன்ட்ரோலர்ல பட்டன் மட்டும் குடுப்பேன். ஸ்டிக்கை நான் மாத்திக்கிறேன், கிடைக்குது."

ரஞ்சனி ஹார்டு டிஸ்க்கைச் செட்டிங்ஸில் முதலில் நிறுத்தி, அப்புறம் கழற்றி, டேப்பைச் சுரண்டி எடுத்தாள். பிறகு இனிஷியலைஸ் என்ற இடத்துக்குப் போனாள். வேகமாகவா, முழுவதுமாகவா என்று பெட்டி கேட்டது. முழுவதும் என்றால் மணிக்கணக்கில் ஆகும் என்றார் வெற்றிச்செல்வன். இது எட்மண்டுக்குத்தான் நல்லது, தனக்கு இரண்டும் ஒன்றுதான். எட்மண்டின் மெயிலும் கார்டும் நினைவுக்கு வர, ரஞ்சனி முழுவதையே தொட்டாள். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தபித்தாள் வேகவைத்த பீன்ஸும் சோறும் கொண்டுவந்தாள். மாரப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிச்செல்வனிடம் மெதுவாகத் தன் வலது கையை நீட்டினார்.

"இந்தப் பெருவிரலு காலைல எந்திரிச்சா மடங்க மாட்டேங்குதுங்க."

வெற்றிச்செல்வன் விரலை வாங்கி மடக்கி, நீட்டி, அடிப்பக்கத்தில் அழுத்திப் பார்த்தார். "க்ளினிக்குக்கு வாங்க. பார்த்துடலாம்" என்றார்.

திரை ஒருமுறை கறுத்து, மறுபடி வந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. எட்மண்ட் இல்லை, கிளப் இல்லை, பூட்டும் இல்லை. ஒரிஜினல் கன்ட்ரோலரை ஒயரில் செருகி அதன் நடுப் பட்டனை அழுத்திய பிறகுதான் பெட்டி அதை அடையாளம் கண்டுகொண்டது. வெற்றிச்செல்வன் அங்கேயே ஒவ்வொரு டிஸ்க்கையும் போட்டு ஓட்டிப் பார்த்தார். மூன்றும் ஓடின. பெட்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, நான்காவது டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார். க்ளினிக் ஜன்னலில் புறாத் தொல்லையாம்.

அவர் போனதும் ஹாலில் டிவிக்குக் கீழே தூசி படியாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது. ரஞ்சனி துணி எடுத்து அதையும் சுற்றிலும் இருந்ததையும் துடைத்தாள். பதினோரு வருடத்தில் தான் எழுதிய ஒன்றை வரிக்கு வரி நின்று பார்த்துச் சரிதான் என்று ஒருவர் வாங்கிப்போனது இதுதான் முதல் தடவை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தபித்தாளிடம் சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதினே. என் பீன்ஸை மட்டும் விட்டிருக்கலாம்" என்றாள் தபித்தாள்.

டேபிள் டென்னிஸ் மேஜைக்குப் பணம் போதவில்லை. மாரப்பன் இரண்டு நாள் யோசித்துவிட்டு ரஞ்சனியின் மேஜைக்கு வந்தார்.

"கிளப்புல அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் இருக்குதுங்களே, அதையும் வித்துப்போடலாம். நீங்களே பாத்து எழுதிருங்க."

"என்ன நிலைல இருக்குது சார்?"

"நல்ல..." என்று ஆரம்பித்து, மாரப்பன் நிறுத்திக்கொண்டார்.

"திறந்து பாத்துட்டே எழுதுங்க அம்மிணி. அதுக்குள்ளயும் யாராவது அக்கவுண்டு வச்சிருக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே ட்ரையர் பக்கம் போனார்.